மின்னிரசாயனக் கலப் படத்துக்குப் புள்ளியிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிஸ், இந்தத் தவணை வந்த கலக் கேள்விக்குப் பத்துப் புள்ளியையும் எப்படிப் பிரிச்சிருக்கிறீங்க?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகின்றன. ஒரு முகவையில் 1.0 mol dm⁻³ Cu(NO₃)₂ கரைசல், அதில் ஒரு செப்புக் கோல். மற்ற முகவையில் 1.0 mol dm⁻³ AgNO₃ கரைசல், அதில் ஒரு வெள்ளிக் கோல். 25 °C இல் நியம மின்வாய் அழுத்தம் செம்புக்கு +0.34 V, வெள்ளிக்கு +0.80 V என்று கொடுத்திருந்தோம். இவற்றைக் கொண்டு அமைக்கும் கலத்தைக் கீறி, அனோட்டையும் கதோட்டையும் பெயரிட்டு, பொருத்தமான உப்புப்பாலத்தைக் காட்டி, வெளிச்சுற்றில் இலத்திரன் பாயும் திசையை அம்புக்குறியால் குறிக்க வேண்டும். இரண்டு அரைத்தாக்கங்களையும் படத்துக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். அவற்றுக்கு வேறு புள்ளி, இந்தப் பத்தில் சேராது.

படத்துக்கான பத்து இப்படிப் போகிறது. ஒவ்வொரு கோலும் தன் அயன் உள்ள கரைசலில் நிற்பதற்கும் கோலின் பொருளை எழுதியதற்கும் சேர்த்து 2. கரைசல்களின் செறிவை எழுதியதற்கு 1. அனோட்டு, கதோட்டுப் பெயர்களுக்கு 2. நேர், மறைக் குறிகளுக்கு 1. உப்புப்பாலத்தின் இரு முனையும் கரைசலுக்குள் அமிழ்ந்திருப்பதற்கு 1, பொருத்தமான உப்புக்கு 1. இலத்திரன் அம்பு கம்பியின் மேல் இருப்பதற்கு 1, அதன் திசைக்கு 1.

இது எங்கள் பாடசாலைத் தவணைப் பரீட்சைக்கு நாங்கள் செய்துகொண்ட பிரிப்பு. உயர்தரப் பரீட்சையின் புள்ளித்திட்டம் அந்தந்த வருடக் கேள்விக்கு ஏற்ப வேறாக அமையும்.

எல்லாருக்கும் பழக்கமான நாகம், செம்புக் கலத்தையே குடுத்திருக்கலாமே?

கொடுத்திருந்தால் பிள்ளைகளின் ஞாபகசக்திக்குத்தான் புள்ளி போட்டிருப்பேன். தானியல் கலத்தின் படத்தைச் சாதாரண தரத்திலிருந்து பார்த்துப் பார்த்து, இடப்பக்கம் நாகம், வலப்பக்கம் செம்பு, செம்புதான் கதோட்டு, செம்புதான் நேர் என்று கை தானாகக் கீறும். அந்தப் படத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் பிள்ளைக்கு அது ஏன் சரி என்று தெரியுமா என்பது எனக்குத் தெரியவராது.

வெள்ளியை எதிரில் வைத்தவுடன் நிலைமை மாறுகிறது. செம்பின் அழுத்தம் வெள்ளியினதை விடக் குறைவு. ஆகவே இங்கே செம்புதான் ஒட்சியேறும், அதுதான் அனோட்டு, அதுதான் மறை. வெள்ளி அயன்கள் இலத்திரனை ஏற்று வெள்ளிக் கோலில் படியும். கலத்தின் மின்னியக்க விசை 0.80 − 0.34 = 0.46 V. கொடுத்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை. பழைய படத்தை மனப்பாடத்தில் இருந்து எடுத்த பிள்ளை செம்பைக் கதோட்டாக்கியிருக்கும். யார் எதைச் செய்தார்கள் என்பது விடைத்தாளில் வெளிச்சமாகத் தெரியும்.

என்ட மகன் அனோட்டையும் கதோட்டையும் மாறிப் போட்டுட்டான். அந்த ஒரு பிழைக்காக எத்தனை புள்ளி போகும், மிஸ்?

பெயர்களுக்கான 2 மட்டும் போகும், மற்றவை அவருடைய சொந்தப் பெயரிடலுடன் பொருந்தி நின்றால்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு பாடசாலையில் இதே போன்ற ஒரு படத்துக்கு நான் பெயர்களுக்கு 2, குறிக்கு 1, அம்பின் திசைக்கு 1 என்று நான்கு புள்ளிகளை வெட்டினேன். அந்தப் பிள்ளை அழுத்தங்களை ஒப்பிடும்போது ஒரே ஒரு தடவைதான் பிழைத்திருந்தாள். பிறகு செய்தவை எல்லாம் முறைப்படி சரி: தான் அனோட்டு என்று எடுத்ததை மறை என்றாள், அங்கிருந்து இலத்திரனை வெளியேற்றினாள். பக்கத்து மேசையில் இருந்த ஆசிரியர் அதே பிழைக்கு இரண்டு மட்டும் வெட்டியிருந்தார். ஒரே வகுப்பில் ஒரே பிழைக்கு இரண்டு விலை. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவளிடம் எனக்குச் சொல்ல ஒரு நியாயமும் இருக்கவில்லை.

பெயர், குறி, அம்பு மூன்றும் தனித்தனி அறிவுகள் போலத் தெரிந்தாலும், முதலாவதைத் தீர்மானித்த பின் மற்ற இரண்டும் அதைப் பின்தொடர்கின்றன. அதனால் முதல் தீர்மானத்தின் பிழைக்கு ஒரு தடவை வெட்டு. பின்தொடர்ந்தவை ஒழுங்காகப் பின்தொடர்ந்தனவா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தா, அனோட்டைப் பிழையாப் போட்ட பிள்ளை அம்பை எந்தப் பக்கம் கீறினாலும் புள்ளி கிடைக்குமே?

இதைக் கேட்டது எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியர். மிகச் சரியான கேள்வி. தன் பெயரிடலுடன் பொருந்தினால் 'தொடர்ந்து வந்தது' என்று 1 கொடுப்போம். பொருந்தாமல் உண்மையான திசையில் இருந்தால் 'திசை சரி' என்று 1 கொடுப்போம் என்றால், அந்த ஒரு புள்ளியை யாராலும் இழக்க முடியாது. இழக்க முடியாத புள்ளி எதையும் அளப்பதில்லை.

ஆகவே அந்தப் புள்ளி எதை அளக்கிறது என்று திருத்தத் தொடங்கும் முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எழுதியது: 'ஒட்சியேற்றம் நடப்பதாகத் தான் காட்டிய மின்வாயில் இருந்து மற்றதை நோக்கி அம்பு போகிறதா?' இப்படி எழுதினால் தன் பெயரிடலுக்கு முரணான அம்புக்குப் புள்ளி இல்லை, அது தற்செயலாக உண்மையான திசையைக் காட்டினாலும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்காகத்தான் அரைத்தாக்கங்களை எழுதச் சொன்னோம். செம்பின் பக்கத்தில் Cu → Cu²⁺ + 2e⁻ என்றும், வெள்ளியின் பக்கத்தில் Ag⁺ + e⁻ → Ag என்றும் எழுதி, செம்பில் இருந்து வெள்ளிக்கு அம்பும் கீறிய பிள்ளை செம்பைக் 'கதோட்டு' என்று எழுதியிருந்தால், அவருக்கு இரசாயனம் தெரியும். இரண்டு சொற்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. ஒட்சியேற்றம் எங்கே என்று அவர் எழுத்தில் காட்டிவிட்டார், அம்பும் அதிலிருந்தே புறப்படுகிறது. அங்கே பெயர்களுக்கு 2 போகும், திசைப் புள்ளி அவருக்கே. அரைத்தாக்கம் எழுதாத பிள்ளைக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க வழியில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் ஊகிக்கக் கூடாது.

ஒரு விடைத்தாளை எடுத்து முழுசாத் திருத்திக் காட்டுவீங்களா?

இந்தத் தவணை வந்த ஒன்றையே சொல்கிறேன். பென்சிலால் கீறிய படம், இரண்டு முகவைகளும் ஒரே அளவில் இல்லை. இடப்பக்கம் வெள்ளிக் கோல், AgNO₃ 1.0 mol dm⁻³ என்று எழுதியிருக்கிறது. வலப்பக்கம் செப்புக் கோல், Cu(NO₃)₂ 1.0 mol dm⁻³. வெள்ளிக்கு மேலே 'அனோட்டு (−)', செம்புக்கு மேலே 'கதோட்டு (+)'. மேலே கம்பி, நடுவில் வோல்ற்றுமானி. கம்பியை ஒட்டி, வெள்ளியில் இருந்து செம்பை நோக்கி e⁻ என்று ஓர் அம்பு. கீழே தலைகீழான U குழாய், அதில் KCl என்று எழுத்து. குழாயின் இடமுனை கரைசலுக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கிறது. வலமுனை கரைசலின் மேற்பரப்புக் கோட்டுக்கு மேலே ஏறக்குறைய அரை சென்ரிமீற்றரில் நின்றுவிட்டது. பக்கத்தில் Ag → Ag⁺ + e⁻ என்றும் Cu²⁺ + 2e⁻ → Cu என்றும் அரைத்தாக்கங்கள்.

முதலில் கோல்களையும் கரைசல்களையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் தன் அயனில் நிற்கிறது, பொருளும் எழுதியிருக்கிறது: 2. செறிவு இரண்டுக்கும் உண்டு: 1. பெயர்கள் மாறியிருக்கின்றன: 0. அரைத்தாக்கங்களும் அதே பிழையையே சொல்கின்றன, ஆகவே இது வெறும் சொல் மாற்றம் இல்லை. பிள்ளை செம்பை மனப்பாடத்தில் இருந்து கதோட்டாக்கியிருக்கிறார். குறிகள் அவருடைய பெயர்களுடன் பொருந்துகின்றன: 1. அம்பு கம்பியின் மேல் இருக்கிறது: 1. தான் ஒட்சியேற்றம் என்று காட்டிய வெள்ளியில் இருந்தே புறப்படுகிறது: 1. உப்புப்பாலத்தின் ஒரு முனை காற்றில்: 0. KCl இந்தக் கலத்துக்குப் பொருத்தமில்லை: 0. மொத்தம் பத்துக்கு 6.

தாளின் ஓரத்தில் நான் எழுதியது மூன்று வரி: '0.34, 0.80: எது எளிதில் தாழ்த்தப்படும்?', 'வலமுனை கரைசலைத் தொடவில்லை', 'Ag⁺ உடன் Cl⁻ என்ன செய்யும்?'. விடையை எழுதாமல் கேள்வியாக எழுதினால் அடுத்த நாள் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூட வாசலுக்கு வரும். இவர் வந்தார்.

உப்புப்பாலத்தின்ட நுனி கொஞ்சம் மேல நிண்டதுக்கெல்லாம் புள்ளி வெட்டுறது அநியாயம் இல்லையா?

கீறும் திறமையைப் பார்த்து ஒருபோதும் வெட்டுவதில்லை. கோணலான முகவைக்கும் நடுங்கிய கோட்டுக்கும் எதுவும் போகாது. ஆனால் முனை கரைசலுக்குள் இருக்கிறதா இல்லையா என்பது அழகைப் பற்றியது அல்ல, கலம் வேலை செய்யுமா என்பதைப் பற்றியது.

செம்புப் பக்கத்தில் Cu²⁺ அயன்கள் புதிதாகக் கரைசலுக்குள் வருகின்றன; அங்கே நேர் ஏற்றம் கூடப் பார்க்கிறது. வெள்ளிப் பக்கத்தில் Ag⁺ அயன்கள் கரைசலை விட்டு வெளியேறுகின்றன. அங்கே நைத்திரேற்று அயன்கள் துணையில்லாமல் மிஞ்சி மறை ஏற்றம் கூடப் பார்க்கிறது. இந்த ஏற்றங்களைச் சமப்படுத்தாவிட்டால் மிகச் சொற்ப நேரத்தில், கண்ணுக்குத் தெரியும் எந்த மாற்றமும் நடப்பதற்கு முன்பே, இலத்திரன் ஓட்டம் நின்றுவிடும். பாலத்தில் உள்ள மறை அயன்கள் செம்பு முகவைக்குள்ளும் நேர் அயன்கள் வெள்ளி முகவைக்குள்ளும் இறங்குவதால்தான் அது தொடர்கிறது. காற்றில் நிற்கும் முனையால் அயன்கள் இறங்க முடியாது. ஆய்வுகூடத்தில் இதைச் செய்து காட்டுவது சுலபம்: பாலத்தின் ஒரு முனையைக் கரைசலுக்கு வெளியே தூக்கினால் வோல்ற்றுமானியின் நிலையான வாசிப்பு போய்விடும், மீண்டும் அமிழ்த்தினால் திரும்பி வரும்.

கரைசலின் மேற்பரப்பைக் காட்டும் கோட்டையே கீறாத பிள்ளைகளும் உண்டு. முகவை இருக்கிறது, கோல் இருக்கிறது, பாலத்தின் முனை முகவைக்குள் இருக்கிறது, ஆனால் கரைசல் எதுவரை என்று தெரியாது. அப்படியான படத்தில் கோலின் அமிழ்ந்த பகுதியும் தெரியாது. நான் இதற்கு 1 ஐக் கொடுத்துவிட்டு ஓரத்தில் 'மட்டம்?' என்று எழுதுவேன். கோடு தெளிவாக இருந்து முனை அதற்கு மேலே நின்றால் மட்டும்தான் வெட்டு.

KCl எல்லாப் புத்தகத்திலயும் இருக்கே. அதை எழுதினதுக்கு ஏன் பூச்சியம்?

தானியல் கலத்துக்கு KCl எழுதினால் முழுப் புள்ளி. இங்கே மற்ற முகவையில் வெள்ளி அயன்கள் இருக்கின்றன. அவை குளோரைட்டு அயனைச் சந்தித்த இடத்தில் வெள்ளி குளோரைட்டு வெண்ணிற வீழ்படிவாகிவிடும். அதன் கரைதிறன் பெருக்கம் 25 °C இல் ஏறக்குறைய 1.8 × 10⁻¹⁰ mol² dm⁻⁶, 1.0 mol dm⁻³ வெள்ளி நைத்திரேற்றில் சிறிதளவு குளோரைட்டு கசிந்தாலே அது தோன்றப் போதும். பாலத்தின் வெள்ளிப் பக்க முனையில் இந்த வெண்படிவு சேர்ந்து அயன்களின் வழியை அடைக்கும், கரைசலில் உள்ள Ag⁺ செறிவும் குறையும்.

பொருத்தமானவை பொற்றாசியம் நைத்திரேற்று, அமோனியம் நைத்திரேற்று போன்றவை. இரண்டு முகவையிலும் ஏற்கனவே நைத்திரேற்று இருப்பதால் புதிய வில்லங்கம் ஒன்றும் வராது. பொற்றாசியம் சல்பேற்று எழுதினால்? வெள்ளி சல்பேற்று வெள்ளி குளோரைட்டை விட நன்றாகக் கரையும், ஆனாலும் அது குறைந்த கரைதிறன் உடையதுதான், 1.0 mol dm⁻³ வெள்ளி நைத்திரேற்றின் அருகில் அதுவும் படியக்கூடும். ஆகவே நாங்கள் அதற்கும் புள்ளி கொடுக்கவில்லை. சோடியம் நைத்திரேற்று எழுதிய பிள்ளைக்குத் தயங்காமல் கொடுத்தோம்.

கேள்வியில் 'பொருத்தமான' என்ற சொல் இல்லாமல் வெறுமனே 'உப்புப்பாலத்தைக் காட்டுக' என்று இருந்திருந்தால் இந்தப் புள்ளியை நான் வைத்திருக்க மாட்டேன். கேட்காத ஒன்றுக்கு வெட்டுவது பிழை.

குழாயை மட்டும் கீறி 'உப்புப்பாலம்' எண்டு எழுதினா?

முனைகள் அமிழ்ந்திருந்தால் முதல் புள்ளி உண்டு. உப்பின் பெயர் இல்லாததால் இரண்டாவது இல்லை.

உள்ளே இருக்கும் ஏகாரைப் பற்றி எழுதினால் நல்லது, எழுதாவிட்டால் குறைவில்லை. அது வேறு எதுவுமில்லை, நோன்பு காலத்தில் புறக்கோட்டைக் கடைகளில் வாங்கி இனிப்பாகச் செய்யும் கடற்பாசிதான். உப்புக் கரைசலுடன் காய்ச்சிக் குழாயில் ஊற்றி ஆறவிட்டால் கட்டியாகி, கரைசல் முகவைக்குள் கொட்டாமல் பிடித்துவைத்திருக்கும். அயன்கள் மட்டும் அதனூடே நகரும். வகுப்பில் ஒருமுறை செய்து காட்டிய பிறகு உப்புப்பாலத்தை வெறும் கண்ணாடிக் கம்பி போலக் கீறும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

வடிதாள் துண்டைக் கரைசலில் நனைத்து இரண்டு முகவைக்கும் இடையில் போட்டதாகக் கீறினாலும் அது பாலம்தான். உப்பின் பெயர் சரி என்றால் முழுப் புள்ளி.

ரெண்டு முகவைக்கும் பதிலா நடுவில நுண்டுளைச் சுவர் வச்ச ஒரே பாத்திரம் கீறினா ஏத்துக்கொள்ளலாமா?

கலம் என்ற அளவில் அது சரியானது. ஜோன் பிரெடெரிக் தானியல் 1836 இல் தன் கலத்தைச் செய்தபோது இன்றைய U குழாய் அதில் இருக்கவில்லை. இரண்டு கரைசல்களையும் பிரிக்க முதலில் மாட்டின் உணவுக்குழாய்ச் சவ்வைத்தான் பயன்படுத்தினார், பிறகு நுண்டுளை மட்பாத்திரம் வந்தது. ஆனால் எங்கள் கேள்வி உப்புப்பாலத்தைக் காட்டச் சொன்னது. ஆகவே உப்புப்பாலத்துக்கான 2 கிடைக்காது, மற்ற 8 கிடைக்கும்.

அம்பைக் கம்பியில கீறாமக் கரைசலுக்குள்ள கீறியிருக்கு. திசை சரிதானே, மிஸ்?

இதைத்தான் நான் படத்தில் மிகப் பெரிய பிழையாகக் கருதுகிறேன், புள்ளிக் கணக்கில் அது சிறிதாக இருந்தாலும்.

இலத்திரன் செம்புக் கோலில் இருந்து கம்பி வழியாக வெள்ளிக் கோலுக்குப் போகிறது, அங்கே Ag⁺ அயன் அதை ஏற்றுக்கொள்கிறது. பயணம் கோலின் மேற்பரப்பில் முடிந்துவிட்டது. கரைசலுக்குள்ளும் பாலத்துக்குள்ளும் நகர்பவை அயன்கள் மட்டுமே. பல பிள்ளைகள் சுற்று ஒன்று வட்டமாக மூட வேண்டும் என்று கேட்டதை வைத்து, இலத்திரனே வட்டமாகச் சுற்றி வருகிறது என்று நினைத்து, வெள்ளியில் இருந்து பாலத்தினூடாகச் செம்புக்கு e⁻ என்று ஓர் அம்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கரைசலுக்குள் மட்டும் அம்பு இருந்தால் இடத்துக்கும் திசைக்கும் இரண்டும் 0. கம்பியில் சரியான அம்பு ஒன்றும் பாலத்தில் e⁻ அம்பு இன்னொன்றும் இருந்தால் இடத்துக்கான புள்ளி போகும், திசைப் புள்ளி நிற்கும். பாலத்தில் NO₃⁻ செம்பை நோக்கியும் K⁺ வெள்ளியை நோக்கியும் அம்பு போட்டிருந்தால் அது மேலதிகமான சரி. வெட்டும் இல்லை, கூட்டும் இல்லை, ஆனால் அந்தத் தாளைப் பார்க்கும்போது மனம் நிறையும்.

கம்பியில 'I' எண்டு எழுதி வெள்ளியில இருந்து செம்புக்கு அம்பு போட்டா?

மரபு மின்னோட்டம் இலத்திரனுக்கு எதிர்த்திசையில் குறிக்கப்படுவதால் அந்த அம்பு உண்மைதான். கேட்டது இலத்திரனின் திசை. I என்று தெளிவாக எழுதி, e⁻ அம்பு இல்லாவிட்டால் இடத்துக்கு 1, திசைக்கு 0. இரண்டு அம்புகளும் இருந்து ஒவ்வொன்றும் சரியாகப் பெயரிடப்பட்டிருந்தால் முழுவதும் உண்டு. பெயரே இல்லாத ஒற்றை அம்பை இலத்திரன் அம்பாகவே எடுக்கிறோம், ஏனென்றால் கேள்வி அதைத்தான் கேட்டது.

வோல்ற்றுமானி போட்டா மின்னோட்டமே போகாதெண்டு டியூசன் சேர் சொன்னாரே. பிறகு எப்படி அம்பு?

சேர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வோல்ற்றுமானியின் தடை மிக உயர்வாக இருப்பதால் அதனூடே போகும் ஓட்டம் மிக மிகச் சிறியது. அதனால்தான் அது 0.46 V க்கு அண்மையான வாசிப்பைக் காட்டுகிறது. ஆனாலும் போகும் அந்தச் சொற்ப இலத்திரன் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு விடை ஒன்றுதான். வோல்ற்றுமானி, மின்குமிழ், வெறும் கம்பி மூன்றையும் ஏற்கிறோம்.

ஏற்க முடியாதது ஒன்று உண்டு: கம்பியின் நடுவில் மின்கல அடுக்கின் குறியீடு. இந்தத் தவணையும் சிலர் கீறியிருந்தார்கள். வெளியில் இருந்து மின்னைக் கொடுத்துவிட்டால் இலத்திரனின் திசையை அந்த அடுக்கு தீர்மானிக்கலாம். அப்போது எது அனோட்டு என்று மின்வாய் அழுத்தங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அப்படியான படத்தில் குறிக்கும் அம்பின் திசைக்கும் புள்ளி கொடுப்பதில்லை. கோல், கரைசல், செறிவு, பாலம் ஆகியவற்றுக்கான புள்ளிகள் நிற்கும்.

அனோட்டு எண்டா நேர்தானே? மின்பகுப்பில அப்படித்தானே படிச்சம்?

மின்பகுப்பில் அப்படித்தான், இங்கே இல்லை. இரண்டு இடத்திலும் மாறாமல் நிற்பது ஒன்று: அனோட்டில் ஒட்சியேற்றம், கதோட்டில் தாழ்த்தல். மின்பகுப்பில் வெளியில் உள்ள மின்முதல் அனோட்டில் இருந்து இலத்திரனை இழுக்கிறது, அதனால் அது நேர் முனையோடு தொடுக்கப்பட்டிருக்கும். எங்கள் கலத்தில் செம்பு தானாகவே ஒட்சியேறி இலத்திரனைக் கோலில் விட்டுச் செல்கிறது. இலத்திரன் சேரும் கோல் மறை.

செம்பை அனோட்டு என்றும், அம்பைச் சரியாகவும் போட்டு, குறியை மட்டும் (+) என்று எழுதிய தாள்கள் இந்தத் தவணை நிறைய வந்தன. அங்கே குறிக்கான 1 மட்டும் போகிறது, 9 வரும். ஒரே தவணையில் மின்பகுப்பையும் கலத்தையும் அடுத்தடுத்துப் படிப்பித்ததில் வந்த குழப்பம் இது. அடுத்த வருடம் இரண்டுக்கும் இடையில் ஒரு கிழமையாவது விட்டுப் பார்க்க இருக்கிறேன்.

அனோட்டு இடப்பக்கம்தான் இருக்கோணுமா?

படத்தில் கட்டாயமில்லை. Cu(s) | Cu²⁺(aq) || Ag⁺(aq) | Ag(s) என்று கலக்குறியீடு எழுதும்போதுதான் அனோட்டை இடப்பக்கம் எழுதும் வழக்கம் வருகிறது. வலப்பக்கம் செம்பைக் கீறி அதை அனோட்டு என்று பெயரிட்ட படத்துக்குப் புள்ளி ஒன்றும் குறையாது. சொல்லப்போனால், அப்படிக் கீறியவர்கள் மனப்பாடத்தை நம்பாதவர்கள் என்பதால் அவர்களுடைய தாள்களில் பிழை குறைவாகவே கண்டேன்.

ஒரே அம்பை அழிச்சு மறுபக்கம் கீறியிருக்கு, ரெண்டும் மங்கலாத் தெரியுது. எதை எடுக்கிறது?

எதை அழிக்க முயன்றார் என்று தெரிந்தால் மற்றதை எடுக்கலாம். தாளைச் சரித்துப் பிடித்தால் அழிப்பான் தேய்த்த இடம் பளபளப்பாகத் தெரியும். அப்படியும் தெரியாமல் இரண்டு அம்புத் தலைகளும் சமமாக நின்றால் திசைக்கு 0. இரண்டையும் எழுதி நாம் சரியானதைத் தெரிவு செய்ய விடுவதை ஏற்க முடியாது. இடத்துக்கான 1 கிடைக்கும்.

ரெண்டு பேர் திருத்தினா புள்ளி ஒண்டா வருமா, மிஸ்?

பிரிப்பை மட்டும் எழுதிவைத்தால் வராது. இந்தத் தவணை நாங்கள் இரண்டு பேரும் திருத்தத் தொடங்கும் முன் கட்டில் இருந்து பத்துத் தாள்களை எடுத்து, புள்ளியைத் தாளில் எழுதாமல் வேறு கடதாசியில் தனித்தனியாக இட்டு ஒப்பிட்டோம். கோல், செறிவு, உப்பின் பெயர் மூன்றிலும் வேறுபாடு இல்லை. வேறுபட்ட இடங்கள் இரண்டுதான்: மேலே சொன்ன முரணான அம்பு, மற்றது மேற்பரப்புக் கோடு இல்லாத படத்தில் பாலத்தின் முனை. அந்த இரண்டுக்கும் முடிவெடுத்து, முடிவைப் புள்ளித்திட்டத்தின் அடியில் எழுதினோம். பிறகுதான் மீதிக் கட்டை இரண்டாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். நான் வெள்ளவத்தையில் இருந்து திருத்தியதும் அவர் கொட்டாஞ்சேனையில் இருந்து திருத்தியதும் மறுநாள் ஒப்பிட்டபோது, மாறி எடுத்துப் பார்த்த தாள்களில் ஒன்றில் மட்டும் ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தது. அது 'e' என்று எழுதி மறைக் குறி போடாத அம்பு. அதற்கு வெட்டுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்து, அந்த முடிவையும் அடியில் சேர்த்தோம்.